தினமும் எட்டு மஞ்சள் கரு, எல்டிஎல் 172

"அண்ணா, வயசு 27, எடை 70 கிலோ. ஏழு மாசமா ஜிம் போறேன். தினமும் 8 முழு முட்டை, காலையில 4, ராத்திரி 4. கூடவே ஆரஞ்சு பாக்கெட் பால் அரை லிட்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேரும்போது எடுத்த டெஸ்ட்ல எல்டிஎல் 118. போன வாரம் எடுத்ததுல மொத்த கொலஸ்ட்ரால் 252, எல்டிஎல் 172, எச்டிஎல் 52, டிரைகிளிசரைடு 140, எஸ்ஜிபிடி 64. மாஸ்டர் முட்டை கொலஸ்ட்ரால் ரத்தத்துல ஏறாது, பயப்படாதேன்றார். அம்மா மஞ்சக் கருவைத் தூக்கிப் போடுன்றாங்க. யார் சொல்றது சரி?"

உங்கள் விஷயத்தில் அம்மா சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது தம்பி. எல்லா மஞ்சள் கருவையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆனால் எட்டு வேண்டாம். மாஸ்டர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, பலருக்கு அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை உங்கள் ரத்தம்தான் சொல்ல முடியும், அது இப்போதே பாதி சொல்லிவிட்டது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஆறு வாரம் போதும். நான் உணவு ஆலோசனை தரும் வேலையில் இருக்கிறேன், உங்கள் வயதில் ஜிம் பையன்கள் இதே கேள்வியோடு, இதே மாதிரி ரிப்போர்ட்டோடு வருவதுண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதில் ஏறக்குறைய மூன்றரை கிராம் வெள்ளையில், மீதி இரண்டே முக்கால் மஞ்சளில். புரதமெல்லாம் வெள்ளையில்தான் என்று ஜிம்மில் பேசிக்கொள்வது தவறு, நாற்பது சதவீதத்துக்கு மேல் மஞ்சளில் இருக்கிறது. பி12, வைட்டமின் ஏ, டி, கோலின் என்று முட்டையின் பெருமைகளும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் கொலஸ்ட்ரால் மொத்தமும் அங்கேதான், ஒரு மஞ்சள் கருவுக்கு சுமார் 186 மில்லிகிராம். கூடவே ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிறைவுற்ற கொழுப்பு. வெள்ளையில் இரண்டுமே கிடையாது.

அப்படியென்றால் எட்டு முட்டையில் நீங்கள் ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும், 13 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் சாப்பிடுகிறீர்கள். இந்த இரண்டாவது எண்ணை யாரும் பேசுவதில்லை, பிறகு அதற்கு வருகிறேன்.

சாப்பிட்ட கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஏறாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நம் உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டிலிருந்து குடலுக்கு வருவதும் முழுக்க உள்ளே போவதில்லை, சராசரியாகப் பாதிதான் உறிஞ்சப்படுகிறது. உள்ளே அதிகம் வந்தால் கல்லீரல் தன் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும், மிஞ்சியதைப் பித்தமாக மாற்றி வெளியே அனுப்பும். இந்தச் சமாளிப்பு நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு நாலு முட்டை சாப்பிட்டாலும் ரிப்போர்ட்டில் பெரிய மாற்றம் தெரியாது. உங்கள் மாஸ்டர் அப்படிப்பட்ட ஆளாக இருக்கலாம்.

ஆனால் இந்தச் சமாளிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஒருவர் குடல் கால்வாசிதான் உறிஞ்சும், இன்னொருவர் குடல் முக்கால்வாசியை இழுத்துக்கொள்ளும். உறிஞ்சியதற்கு ஏற்ப ஒருவரின் கல்லீரல் தயாரிப்பைக் குறைக்கும், இன்னொருவரின் கல்லீரல் அவ்வளவாகக் குறைக்காது. அப்போது என்ன ஆகிறது என்றால், கல்லீரல் செல்களுக்குள் கொலஸ்ட்ரால் தேங்குகிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து மிதக்கும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்க அந்தச் செல்களின் மேல் கொக்கி மாதிரி ஏற்பிகள் உண்டு (இவற்றைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது). உள்ளேதான் நிறைய இருக்கிறதே என்று செல் அந்தக் கொக்கிகளைக் குறைத்துவிடும். பிடிக்க ஆளில்லாமல் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, முட்டையில் இருந்த கொலஸ்ட்ரால் நேராகப் போய் ரத்தக்குழாயில் அப்பிக்கொள்வதில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலையை அது மந்தப்படுத்துகிறது. நிறைவுற்ற கொழுப்பும் இதே கொக்கிகளைத்தான் குறைக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றாக வரும்போது விளைவு கூடுகிறது.

உங்கள் மாஸ்டர் ஒருவேளை 25 முட்டைத் தாத்தாவின் கதையையும் சொல்லியிருப்பார். அது நிஜம்தான். 1991இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. 88 வயதுப் பெரியவர், தினமும் 25 முட்டை, குறைந்தது பதினைந்து வருடமாக, ஆனாலும் கொலஸ்ட்ரால் சாதாரண அளவில். ஆனால் கட்டுரையின் முக்கியமான பகுதியை யாரும் சொல்வதில்லை. அவரை ஆராய்ந்தபோது அவர் குடல் சாப்பிட்ட கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தைத்தான் உறிஞ்சியது, ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்கள் ஏறக்குறைய பாதியை உறிஞ்சினார்கள். கூடவே அவர் கல்லீரல் பித்த அமிலத்தை இரட்டிப்பாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. அபூர்வமான உடம்பு என்பதால்தான் அது கட்டுரையாகவே வந்தது. அவரைப் பார்த்து நாமும் அப்படிச் சாப்பிட முடியாது.

அடுத்து, 2015இல் அமெரிக்காவே சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலுக்கான வரம்பை எடுத்துவிட்டது என்பார்கள். அதுவும் பாதி உண்மை. நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்ற எண்ணை எடுத்தார்கள். அதே அறிக்கையில், நல்ல உணவுமுறைக்குள் கொலஸ்ட்ராலை முடிந்த அளவு குறைவாகவே சாப்பிடுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள், அந்த வரி மட்டும் ஜிம் வரைக்கும் வந்து சேரவில்லை. பிறகு 2019இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது, ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை வரை சாப்பிடலாம் என்பது.

முட்டையால் மாரடைப்பு கூடவில்லை என்று சொல்லும் பெரிய ஆய்வுகளும் உண்டு, கூடுகிறது என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகப் போவதில்லை, ஏனென்றால் அது உங்களைப் பற்றியதே இல்லை. அந்த ஆய்வுகளில் அதிகம் முட்டை சாப்பிடுகிற கூட்டம் என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் நாளுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்று மேல் சாப்பிட்டவர்களைத்தான். தினமும் எட்டு சாப்பிட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு எதுவும் அவற்றில் இல்லை. ஒன்றுக்குச் சொன்ன நற்சான்றிதழை எட்டுக்கு நீட்டுவதில்தான் தவறு இருக்கிறது.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம்.

சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலுக்கும் ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பை ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960களில் ஒரு சூத்திரமாக்கினார். அதன் சாரம், ஏற்றம் நேர்கோட்டில் போகாது, வர்க்கமூலக் கணக்கில் வளைந்து போகும். முதல் ஒன்றிரண்டு மஞ்சள் கருவுக்கு ஏற்றம் அதிகம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் குறைந்துகொண்டே வரும். முன்பு நாளைக்கு 2,400 கலோரியும் 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும் சாப்பிட்டீர்கள், இப்போது 2,800 கலோரியும் மற்ற சாப்பாட்டையும் சேர்த்து 1,700 மில்லிகிராமும் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு அந்தச் சூத்திரத்தில் போட்டால், சராசரி மனிதனுக்கு மொத்த கொலஸ்ட்ரால் சுமார் 20 ஏற வேண்டும்.

இனி அந்த இரண்டாவது எண். எட்டு முட்டையின் நிறைவுற்ற கொழுப்பு 13 கிராம். ஆரஞ்சு பாக்கெட் பால் 6 சதவீதக் கொழுப்புள்ள பால், அரை லிட்டரில் 30 கிராம் கொழுப்பு, அதில் 19 கிராம் போல நிறைவுற்றது. இரண்டும் சேர்ந்து 32. உலக சுகாதார நிறுவனம் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது, உங்கள் 2,800 கலோரிக்கு அது 31 கிராம். அதாவது தேங்காய்ச் சட்னி, நெய், பரோட்டா, மட்டன் எதையும் தொடுவதற்கு முன்பே முட்டையும் பாலும் மட்டும் அந்த அளவை முடித்துவிட்டன. இந்த 32 கிராமும் ஜிம் போக ஆரம்பித்த பிறகு புதிதாகச் சேர்ந்தது என்றால், சராசரிக் கணக்கில் எல்டிஎல் இன்னொரு 12, 13 ஏறும்.

முதலில் சொன்ன 20 முழுவதும் எல்டிஎல் என்றே வைத்துக்கொண்டு இரண்டையும் கூட்டினால்கூட 33தான் வருகிறது. உங்களுக்கு ஏறியிருப்பது 54. சராசரி ஆளைவிட நீங்கள் கூடுதலாக ஏறியிருக்கிறீர்கள். காரணம் உங்கள் குடல் அதிகம் உறிஞ்சுவதாக இருக்கலாம், தைராய்டு மந்தமாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம், அல்லது அந்த ஒரு நாள் டெஸ்டே கொஞ்சம் தூக்கலாக வந்திருக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரு மாற்றமும் செய்யாமல் இரண்டு வாரம் தள்ளி எடுத்தாலும் எல்டிஎல் பத்து சதவீதம் அப்படி இப்படி இருப்பது சகஜம், 172 என்றால் 155லிருந்து 189 வரை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு இதுதான் அடிப்படை.

என் யோசனை இது. முதலில், எதையும் மாற்றாமல் இந்த வாரமே இன்னொரு முறை அதே லேபில் லிப்பிட் புரொஃபைல் எடுங்கள், அதோடு தைராய்டுக்கான டிஎஸ்எச்சும் சேர்த்து. போன வார எல்டிஎல்லையும் இதையும் சராசரி போட்டால் உங்கள் தொடக்கப் புள்ளி ஓரளவு நம்பும்படியாக இருக்கும். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் தானாகவே ஏறும், அப்போது முட்டையைத் திட்டிப் பயனில்லை.

பிறகு ஆறு வாரம் முழு முட்டையை இரண்டாகக் குறையுங்கள். ஏன் இரண்டு, ஏன் ஆறு இல்லை? அந்த வளைவுக் கணக்கு இங்கே ரொம்ப முக்கியம். பெரும்பாலோர் பயந்துபோய் எட்டை ஆறாகக் குறைப்பார்கள், ஒரு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்து "குறைச்சும் ஒண்ணும் ஆகல, அப்போ முட்டை காரணம் இல்ல" என்று மறுபடி எட்டுக்குப் போய்விடுவார்கள். வளைவின் மேல் பகுதியில் அப்படித்தான் இருக்கும். எட்டிலிருந்து ஆறுக்கு வந்தால் சராசரியாக 4 புள்ளிதான் இறங்கும், அது டெஸ்டின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும். எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தால் 15 இறங்கும். இதே காரணத்தால்தான் "நான் நாலு சாப்பிட்டேன், எட்டாக்கினேன், ஒண்ணும் ஏறல" என்று ஒருவர் சொல்வதும் சாட்சியாகாது. அவருக்கு ஏற வேண்டியதில் பெரும்பகுதி முதல் நாலிலேயே ஏறி முடிந்திருக்கும்.

இந்த ஆறு வாரத்தில் மாற்றுவது மஞ்சள் கருவை மட்டும். பால் அப்படியே, எண்ணெய் அப்படியே, உடற்பயிற்சி அப்படியே. ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எல்டிஎல் இறங்கும்தான், ஆனால் எதனால் இறங்கியது என்று தெரியாது, தெரியாவிட்டால் வாழ்நாள் முழுக்க தேவையில்லாத ஒன்றையும் சேர்த்து ஒதுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

புரதத்துக்கு என்ன செய்வது? எட்டு முழு முட்டையில் 50 கிராம் கிடைத்தது. இரண்டு முழு முட்டை, ஆறு வெள்ளை என்றால் 34. பாக்கி 16 கிராமுக்கு, தோல் எடுத்த சிக்கன் நெஞ்சுக்கறி சமைத்த பிறகு 55, 60 கிராம் வந்தால் போதும், உள்ளங்கையில் பாதி. 70 கிலோ எடைக்குத் தசை வளர நாளைக்கு 110 கிராம் புரதம் இருந்தால் தாராளம், கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கு. சோறு, பருப்பு, பால், சிக்கன், முட்டை எல்லாம் சேர்ந்து அது வந்துவிடும். சோயா சங்க்ஸ் நல்ல பொருள், விலையும் குறைவு, 50 கிராமில் 25 கிராம் புரதம். ஆனால் சோயாவே எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும் என்பதால் இந்த ஆறு வாரம் வேண்டாம், பரிசோதனை கலங்கிவிடும், பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம் பலரும் கோட்டை விடுவது. ஆறு மஞ்சள் கருவை எடுத்தால் சுமார் 330 கலோரியும் போய்விடும். அதை ஈடு கட்டாவிட்டால் எடை இறங்கும், எடை இறங்கினால் எல்டிஎல் தன் பாட்டுக்கு ஆடும், நீங்கள் அதை முட்டையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அதனால் கூடுதலாக ஒரு கப் சோறும் ஒரு வாழைப்பழமும் சேர்த்து எடையை அப்படியே வைத்திருங்கள். வாரம் ஒரு முறை காலையில் எடை பாருங்கள்.

மஞ்சள் கருவை விட்டால் தசை வளராதா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி முடிந்ததும் ஒரே அளவு புரதத்தை முழு முட்டையாகச் சாப்பிட்டபோது, வெள்ளையாகச் சாப்பிட்டதைவிடத் தசைப் புரதம் உருவாகும் வேகம் கூடுதலாக இருந்தது. அதை வைத்துத்தான் முழு முட்டை சாப்பிடு என்கிறார்கள். ஆனால் அது பத்து ஆண்களைச் சில மணி நேரம் அளந்தது, மாதக்கணக்கில் தசை அளவைப் பார்த்தது இல்லை. உங்கள் இரண்டு முழு முட்டையைப் பயிற்சி முடிந்த வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளையை மற்ற நேரத்துக்கு. அதைவிடப் பெரிய நஷ்டம் பச்சை முட்டை குடிப்பது. வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் செரிக்கிறது, பச்சையில் பாதிதான் செரிக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், சால்மோனெல்லா கிருமி வேறு.

ஆறு வாரம் முடிந்ததும் ஒரு வார இடைவெளியில் இரண்டு டெஸ்ட் எடுத்துச் சராசரி பாருங்கள். தொடக்கம் 170 போல இருந்து, இப்போது 135, 140க்கு இறங்கியிருந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, உங்கள் உடம்பு மஞ்சள் கருவுக்குக் கூடுதலாக எதிர்வினை செய்கிறது. இனி உங்களுக்கு இரண்டுக்குள்தான், ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. 155 வாக்கில் நின்றால் நீங்கள் சராசரி ஆள், முட்டைக்குப் பங்கு உண்டு, மற்றதிலும் கை வைக்க வேண்டும். அடுத்த ஆறு வாரம் ஆரஞ்சு பாக்கெட்டை விட்டு 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட்டுக்கு மாறுங்கள், அதே அரை லிட்டரில் நிறைவுற்ற கொழுப்பு பாதியாகும். 165க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் முட்டையை மட்டும் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பரம்பரையைப் பற்றி நேராகவே கேட்கிறேன். அப்பா, சித்தப்பா, பெரியப்பா யாருக்காவது 55 வயதுக்குள், அம்மா, சித்தி, அத்தை யாருக்காவது 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறதா? வீட்டில் பேசாத விஷயமாக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 250, 300 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே அந்த எல்டிஎல் கொக்கிகள் சரியாக வேலை செய்யாது. எல்டிஎல் 190ஐத் தாண்டினாலோ, கணுக்காலுக்குப் பின்னால் உள்ள தசைநாரில் கட்டி போலத் தடிப்பு இருந்தாலோ, இளம் வயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தாலோ அதைச் சந்தேகிப்பார்கள். அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டியிருக்கும். கூடவே லிப்போபுரோட்டீன் ஏ என்ற டெஸ்டை வாழ்நாளில் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அது முட்டையால் ஏறுவதும் இல்லை, நடையால் இறங்குவதும் இல்லை, பிறவி அளவு. நம் தெற்காசிய மக்களில் நிறையப் பேருக்கு அது அதிகம், மாரடைப்பு நமக்குச் சீக்கிரமே வருவதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், மற்றவருக்குப் பரவாயில்லை என்று விடுகிற எல்டிஎல்லை உங்களுக்கு விட முடியாது.

"எச்டிஎல் 52 இருக்கே, அது நல்ல கொலஸ்ட்ரால், ஈடு கட்டிடும்" என்று யாராவது சொல்வார்கள். ஈடு கட்டாது. எச்டிஎல்லை மருந்தால் உயர்த்திப் பார்த்த பெரிய சோதனைகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்குவது எல்டிஎல் வகைத் துகள்கள்தான், அவற்றின் எண்ணிக்கையும் எத்தனை வருடம் அவை அந்த அளவில் ஓடின என்பதும் சேர்ந்துதான் ஆபத்தைப் பெருக்கிக்கொண்டே போகும். 27 வயதில் 172 என்பது நாளைக்கே எதுவும் செய்யாது. ஒரு வலியும் தெரியாது, நூறு கிலோ ஸ்குவாட் போடலாம், இசிஜி சுத்தமாக இருக்கும், டிரெட்மில் டெஸ்டும் பாஸ் ஆகும். அடைப்பு பெரிதாகும் வரை அந்த டெஸ்டுகளில் அது தெரியாது. இதே 172ஐ நாற்பத்தைந்து வயது வரை தூக்கிக்கொண்டு போவதுதான் ஆபத்து. உங்கள் வயதில் 100, 110க்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு ரொம்ப மெதுவாக ஓடும்.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா? உங்கள் எச்டிஎல் 52ஐப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அனபாலிக் ஸ்டீராய்டு, குறிப்பாக ஸ்டானசோலால் போன்ற வாயில் போடும் வகை, எச்டிஎல்லைச் சில வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடும், எல்டிஎல்லையும் ஏற்றும். எச்டிஎல் 20களில் கிடக்கும் ஜிம் பையன் "முட்டையாலதான்" என்று சொன்னால் நான் நம்புவதில்லை, முட்டை எச்டிஎல்லைக் குறைக்காது. உங்கள் கூட்டத்தில் அப்படி யாராவது இருந்தால் அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழி முட்டைக்கு மாறலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடைக்கு எடை கொலஸ்ட்ராலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, முட்டை சிறியது என்பதால் ஒன்றுக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஓட்டின் நிறத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. காடை முட்டை சின்னதாக இருக்கிறதே என்று பத்து போடுகிறார்கள், ஐந்து காடை முட்டையிலேயே இரண்டு கோழி முட்டையின் கொலஸ்ட்ரால் இருக்கிறது. வாத்து முட்டை ஒன்றில் 600 மில்லிகிராம், கோழி முட்டை மூன்றுக்குச் சமம். அப்புறம் வேகவைத்ததா, ஆம்லெட்டா என்பதைவிட எதில் போட்டீர்கள் என்பது முக்கியம், நெய்யிலோ வெண்ணெயிலோ போட்டால் அதன் கணக்கு தனி.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் இந்தப் பரிசோதனையைச் சொல்லவில்லை. முட்டை ஆய்வுகளில் மற்றவர்களிடம் தென்படாத ஆபத்து சர்க்கரை நோயாளிகளிடம் தெரிந்ததாகச் சில முடிவுகள் உண்டு, எல்டிஎல் இலக்கும் உங்களுக்கு இன்னும் கீழே. மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, கல்லீரலுக்காகப் பார்க்கும் அந்த எஸ்ஜிபிடி 64. டெஸ்டுக்கு முந்தின நாள் கால் பயிற்சி போட்டீர்களா? எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. எடை தூக்கிப் பழகாதவர்கள் கடுமையாகத் தூக்கினால் ஒரு வாரம் வரை கூட ஏறி நிற்கும், பழகியவர்களுக்கும் ஒரு புதுப் பயிற்சி அப்படிச் செய்யலாம். அதைக் கல்லீரல் கொழுப்பு என்று நினைத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வாரம் எடுக்கப்போகும் டெஸ்டில் எல்டிஎல்லையும் டிஎஸ்எச்சையும் மட்டும் பாருங்கள், எஸ்ஜிபிடியை ஆறு வாரத்துக்குப் பிந்தைய இரண்டு டெஸ்டும் முடிந்த பிறகு, ஏழு நாள் எடை தூக்காமல் நடை மட்டும் வைத்துக்கொண்டு எடுங்கள். சிகே என்ற தசை நொதியையும் அன்று சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிகே சரியாக இருந்து எஸ்ஜிபிடி மட்டும் மேலே நின்றால் அப்போது கல்லீரலுக்கு ஒரு ஸ்கேன் பார்க்கலாம். இரண்டு ரிப்போர்ட்டும் வந்ததும் எண்களை இங்கேயே போடுங்கள், பாலைத் தொடுவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.